கருக்குழாயும் ஆய்வகத் தட்டும்: கருப்பையை அடைய இரு வழிகள்

'சோதனைக்குழாய்க் குழந்தை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் குழந்தையின் கரு உருவாகும் இடத்தில் சோதனைக்குழாய் எதுவும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். அதில் சில துளி ஊட்டத் திரவம், அது ஆவியாகிவிடாமல் காக்க மேலே எண்ணெய்ப் படலம், அவ்வளவுதான். இருந்தாலும் அந்தப் பெயரில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அந்தத் தட்டு ஈடுகட்ட வந்தது ஒரு குழாயை. கருப்பையின் இரு புறமும் கை விரித்ததுபோல் நீண்டிருக்கும் கருக்குழாயின் வேலையைத்தான் அது ஐந்து நாள் ஏற்று நடத்துகிறது.

இக்கட்டுரை அந்த இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது. ஒன்று, கருவுற்ற முட்டை கருக்குழாய் வழியே நடந்து கருப்பைச் சுவரில் பதியும் இயற்கை வழி. மற்றொன்று, ஆய்வகத் தட்டில் வளர்ந்து, மெல்லிய குழல் மூலம் கருப்பைக்குள் விடப்படும் ஐவிஎஃப் வழி. இரண்டையும் ஒப்பிடும்போது எனக்கு முதன்மையாகப் படுவது இடமோ கருவியோ அல்ல, நேரம். கருவுக்கு ஒரு வயது உண்டு. அது பதியப்போகும் உட்சுவருக்கும் ஒரு வயது உண்டு. இவ்விரண்டும் பொருந்தினால்தான் கரு பதியும். இயற்கையில் ஒரே கடிகாரம் இரண்டு வயதையும் அளக்கிறது. ஆய்வகத்தில் கடிகாரம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அவற்றை ஒன்றுசேர்ப்பதுதான் அங்கே மருத்துவரின் பெரிய வேலை.

தொடங்கும் இடம்

கருக்குழாயின் நீளம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். அதன் வெளிமுனை விரல்கள்போலக் கிளைத்துச் சினைப்பையின்மேல் கவிந்திருக்கும். சினைப்பையிலிருந்து முட்டை வெடித்து வெளியேறியதும் அந்த விரல்கள் அதை உள்ளே வாரிக்கொள்கின்றன. அடுத்து வருவது குழாயின் அகன்ற பகுதி. கருவுறுதல் நடப்பது இங்கேதான். வெளியேறிய முட்டைக்கு ஆயுள் சுமார் ஒரு நாள். விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாள் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். கோடிக்கணக்கில் புறப்படும் விந்தணுக்களில் இந்த இடத்தை எட்டுபவை சில நூறு மட்டுமே. கருப்பை வாயின் சளி, கருப்பை, குழாயின் இடுக்கு என்று வழிநெடுக வடிகட்டல் நடக்கிறது.

ஆய்வகத்தில் இந்த வடிகட்டலை மனிதர் செய்கிறார்கள். ஊசி மருந்துகளால் ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரவைத்து, ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். கழுவித் தேர்ந்தெடுத்த விந்தணுக்களை முட்டையோடு தட்டில் விடுவது ஒரு முறை. ஒரே விந்தணுவை நுண்ணூசியால் முட்டைக்குள் செலுத்துவது இக்சி என்னும் மற்றொரு முறை.

பதினாறு முதல் பதினெட்டு மணி நேரம் கழித்துக் கருவியல் வல்லுநர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். முட்டைக்குள் இரண்டு சிறு வட்டங்கள் தெரிந்தால் தாயின் மரபுப்பொருளும் தந்தையின் மரபுப்பொருளும் வந்து சேர்ந்துவிட்டன என்று பொருள். மூன்று வட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டு விந்தணுக்கள் புகுந்திருக்கும். அந்தக் கரு ஒதுக்கப்படும். கருக்குழாயிலும் இப்படிப்பட்ட பிழைகள் நேர்வதுண்டு. ஆனால் அங்கே எட்டிப் பார்க்க யாரும் இல்லை. பிழையுள்ள கருக்களில் பெரும்பாலானவை வழியிலேயே நின்றுபோகின்றன. அந்த மாத விலக்கு வழக்கம்போல வரும். தன் உடலுக்குள் ஒரு கரு தொடங்கி முடிந்துபோனது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். ஆய்வகத்தில் அதே இழப்பு எண்ணிக்கையாகக் கண்முன் நிற்கிறது. பத்து முதிர்ந்த முட்டைகளில் ஏழு போலக் கருவுறும். ஐந்தாம் நாளை எட்டுபவை அவற்றில் ஏறக்குறையப் பாதிதான். "ஏழு இருந்ததே, மூன்றாகிவிட்டதே" என்று தொலைபேசியில் கேட்டுத் தவிக்கும் பெண்ணுக்கு, இயற்கையிலும் இழப்பு உண்டு, அங்கே அதைச் சொல்ல ஆள் இல்லை என்பதை எடுத்துச்சொல்ல வேண்டும்.

வழியும் உணவும்

கருவுற்ற முட்டைக்குத் தானாக நகரும் சக்தி இல்லை. கருக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் அலையலையாக அசைந்தும், குழாயின் தசை சுருங்கி விரிந்தும் அதைக் கருப்பை நோக்கிக் கொண்டுசெல்கின்றன. பயணம் ஒரே சீராக நடப்பதில்லை. அகன்ற பகுதியும் குறுகிய பகுதியும் சந்திக்கும் இடத்தில் கரு வெகுநேரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. அண்டவெளியேற்றத்துக்குப் பின் புரோஜெஸ்டிரோன் கூடக்கூடக் குறுகிய பகுதியின் இறுக்கம் தளர்கிறது. மூன்று நாளுக்குச் சற்றுக் கூடுதலாகக் குழாயில் கழித்த பிறகே கரு கருப்பைக்குள் இறங்குகிறது. இவ்வளவு சிறிய தொலைவைக் கடக்க இத்தனை நேரம் ஆவது வீண் தாமதம் அல்ல. அதற்குள் கருப்பைச் சுவர் தயாராக வேண்டும்.

அந்த நாட்களில் கரு பிளந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் நாள் நான்கு செல்கள், மூன்றாம் நாள் எட்டு செல்கள், நான்காம் நாள் செல்கள் நெருங்கி ஒட்டிய மொருலா என்னும் உருண்டை. செல்கள் பெருகினாலும் கருவின் மொத்த அளவு கூடுவதில்லை. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகவே இருக்கிறது. சோனா பெல்லுசிடா என்னும் வெளியுறை அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. செல்கள் சிதறாமல் காப்பதோடு, போகும் வழியில் குழாயின் சுவரில் கரு ஒட்டிக்கொள்ளாமலும் இந்த உறை தடுக்கிறது.

இந்தப் பயணத்தில் கருவின் பசியும் மாறுகிறது. முதல் இரண்டு மூன்று நாள் அதற்குத் தன் மரபணுக்களைப் பெரிதாகப் பயன்படுத்தத் தெரியாது. தாய் முட்டையில் சேர்த்துவைத்த செய்திகளைக் கொண்டே நடக்கிறது. நான்கு செல்லுக்கும் எட்டு செல்லுக்கும் இடையில்தான் அதன் சொந்த மரபணுத் தொகுதி விழித்தெழுகிறது. அதுவரை அதற்கு எரிபொருள் பைருவேட்டும் லாக்டேட்டும்தான். பிறகு குளுகோஸைப் பயன்படுத்தத் தொடங்குகிறது. கருக்குழாயின் திரவத்தில் பைருவேட்டும் லாக்டேட்டும் மிகுந்திருக்கின்றன, குளுகோஸ் குறைவு. கருப்பைத் திரவத்தில் குளுகோஸ் கூடுதல். பசி மாறும் சமயமும் இடம் மாறும் சமயமும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்திருக்கின்றன.

ஆய்வகம் இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டது. முற்காலத்து ஊட்டத் திரவங்களில் கருவை ஐந்து நாள் நன்றாக வளர்ப்பது கடினமாக இருந்தது. 1990களில் இரண்டு கட்டத் திரவங்கள் வந்தன. மூன்றாம் நாள் வரை கருக்குழாயின் திரவத்தைப் போன்ற ஒன்று, பிறகு கருப்பைத் திரவத்தைப் போன்ற மற்றொன்று. இன்று தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே திரவத்தை வைத்து, வேண்டியதைக் கருவே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடும் முறையும் பரவலாக இருக்கிறது. காற்றிலும் இதே பாடம்தான். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 20 விழுக்காடு. கருக்குழாய்க்குள் அது மிகக் குறைவு. அதனால் இன்குபேட்டரில் 5 விழுக்காடு ஆக்சிஜன், 6 விழுக்காடு அளவில் கார்பன் டை ஆக்சைடு, 37 டிகிரி வெப்பம் என்று வைக்கிறார்கள். குழாய்க்குள் கரு உருண்டு அசைந்து நனைகிறது. தட்டிலோ ஒரே துளியில் அசையாமல் கிடக்கிறது. இந்த வேறுபாட்டை இன்னும் யாரும் முழுமையாகப் போக்கவில்லை.

ஒரு கடிகாரம், இரண்டு கடிகாரம்

இயற்கை வழியில், சினைப்பைக்குள் முட்டையைச் சுமந்து வெளியேற்றிய அதே சிறு பை, வெறுமையாகிப் போவதில்லை. மஞ்சள் நிறக் கட்டியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. அந்தப் புரோஜெஸ்டிரோன்தான் குழாயின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அதுவே கருப்பைச் சுவரையும் மாற்றுகிறது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் ஈஸ்ட்ரோஜனால் தடித்து வளர்ந்திருந்த சுவர், இப்போது வளர்வதை நிறுத்திவிட்டுச் சுரக்கத் தொடங்குகிறது. அதன் சுரப்பிகள் வளைந்து நெளிகின்றன. அதன் செல்கள் சர்க்கரைச் சத்தைச் சேமிக்கின்றன. ஆறேழு நாளில் சுவர் கருவை ஏற்கும் நிலைக்கு வருகிறது. அந்த நிலை சில நாள்தான் நீடிக்கும், பிறகு மூடிக்கொள்ளும். முட்டை புறப்பட்ட கணமே சுவருக்கும் நாள் எண்ணத் தொடங்குவதால் இரண்டின் வயதும் பிசகாமல் ஒன்றாகவே இருக்கின்றன.

ஐவிஎஃப் வரலாற்றின் முதல் வெற்றியைப் பார்த்தால் இதன் கனம் புரியும். இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரும் பல ஆண்டுகள் உழைத்தார்கள். தொடக்கத்தில் ஊசி மருந்தால் பல முட்டைகளை முதிரவைத்துத்தான் முயன்றார்கள். கருக்கள் தட்டில் நன்றாக வளர்ந்தன. கருப்பையில்தான் நிலைக்கவில்லை. பிறகு மருந்தை விட்டுவிட்டு, பெண்ணின் இயல்பான சுழற்சியில் தானாக முதிரும் ஒற்றை முட்டையை எடுக்க முடிவுசெய்தார்கள். லெஸ்லி பிரவுனின் இரு கருக்குழாய்களும் அடைபட்டிருந்தன. எல்ஹெச் ஹார்மோன் எகிறும் நேரத்தைச் சிறுநீரில் கண்காணித்து, 1977 நவம்பர் 10 அன்று அவரது ஒரே முட்டையை எடுத்தார்கள். அது தட்டில் கருவுற்றது. இரண்டரை நாள் கழித்து எட்டு செல்களாக இருந்தபோது கருப்பைக்குள் விட்டார்கள். 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தார். அந்தச் சுழற்சியில் முட்டை தந்த பையே புரோஜெஸ்டிரோனையும் தந்தது. குழாயை மட்டும்தான் தட்டு ஈடுகட்டியது. கடிகாரத்தை யாரும் தொடவில்லை.

இதில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. இயற்கையில் எட்டு செல் கரு இன்னும் கருக்குழாய்க்குள்தான் இருக்கும். அதைக் கருப்பைக்குள் சீக்கிரமே கொண்டுவந்துவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். மனிதக் கருப்பை அதைப் பொறுத்துக்கொண்டது. இன்று பல மையங்கள் ஐந்தாம் நாள் வரை வளர்த்து, இயற்கையில் கரு கருப்பையில் இருக்கவேண்டிய வயதில் கொண்டுசேர்க்கின்றன.

இன்றைய ஐவிஎஃபில் பத்துப் பதினைந்து முட்டைகள் ஒன்றாக முதிரும்போது ஈஸ்ட்ரோஜன் இயல்பைவிடப் பல மடங்கு ஏறுகிறது. சிலருக்குப் புரோஜெஸ்டிரோன் முட்டை எடுக்கும் முன்பே உயரத் தொடங்குகிறது. அப்போது சுவர் கருவை முந்திக்கொண்டு வயதாகிவிடும். கரு ஐந்தாம் நாளில் இருக்க, சுவர் ஏழாம் நாளுக்குப் போயிருக்கும். இந்தப் பிசகைத் தவிர்க்கவே பல நேரங்களில் எல்லாக் கருக்களையும் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பின்னொரு மாதத்தில் அமைதியாகத் தயார்செய்த கருப்பைக்குள் விடுகிறார்கள். உறைநிலையில் கருவின் கடிகாரம் நின்றுவிடுகிறது. இந்த வழியைக் கல்கத்தாவின் சுபாஷ் முகோபாத்யாய் 1978லேயே நடந்து காட்டியிருக்கிறார். கருவை உறையவைத்துப் பின்னொரு சுழற்சியில் கருப்பையில் சேர்த்தார். லூயிஸ் பிறந்து 70 நாளில், 1978 அக்டோபர் 3 அன்று, அவர் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் அரசு அவரை நம்பவில்லை.

இரண்டு நாட்காட்டிகள்

இரு பெண்களின் நாட்காட்டிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். விளங்குவதற்காக நானே அமைத்துக்கொண்ட தேதிகள் இவை.

முதல் பெண்ணுக்கு ஜூன் 1 அன்று முட்டை வெளியேறிக் கருவுறுகிறது. 4ஆம் தேதி எட்டு செல் கரு குழாயின் குறுகிய பகுதியில் இருக்கிறது. அன்றோ மறுநாளோ கருப்பைக்குள் இறங்குகிறது. 6ஆம் தேதி அது பிளாஸ்டோசிஸ்ட் ஆகிறது. அதாவது நடுவே நீர் நிறைந்த குழி, ஒரு பக்கம் குழந்தையாகப்போகும் உட்கொத்து, சுற்றிலும் நஞ்சுக்கொடியாகப்போகும் புறத்தோல்.

இரண்டாம் பெண்ணுக்குக் கரு உறைநிலையில் காத்திருக்கிறது. மாதவிலக்கு வந்ததிலிருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் ஸ்கேன் பார்த்து, சுவர் 7 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருப்பதை உறுதிசெய்கிறார்கள். ஜூன் 1 அன்று புரோஜெஸ்டிரோன் தொடங்குகிறது. முட்டை வெளியேறாமலே, சுவருக்கு முட்டை வெளியேறிய நாள் அதுதான். ஐந்து முழு நாள் கழித்து, ஆறாம் நாளான ஜூன் 6 அன்று ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்டை உறைநீக்கிக் கருப்பையில் விடுகிறார்கள். மூன்றாம் நாள் கருவாக இருந்திருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே விட்டிருப்பார்கள். புரோஜெஸ்டிரோனை ஒரு நாள் தவறித் தொடங்கினாலும், தொடங்கிய நாளை ஏட்டில் தவறிக் குறித்தாலும் கருவும் சுவரும் ஒரு நாள் விலகிப்போகும். அதனால்தான் மருந்து தொடங்கும் நாளையும் நேரத்தையும் மருத்துவமனையில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

கருவை விடும்போது மென்மையான குழலில் கருவோடு செல்வது ஒரு சொட்டுக்கும் குறைந்த திரவம். கருப்பையின் மேல்முகட்டிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் கீழே, ஸ்கேன் திரையில் பார்த்து மெல்ல விடுகிறார்கள். அன்று மாலை இரு பெண்களின் நிலையும் ஒன்றாகிவிடுகிறது. பிரசவ நாளைக் கணக்கிட்டாலும் இருவருக்கும் ஒரே நாள்தான் வருகிறது. முதல் பெண்ணுக்குக் கருவுற்ற நாளோடு 266 நாள், இரண்டாம் பெண்ணுக்குக் கரு விட்ட நாளோடு 261 நாள். இரண்டும் அடுத்த பிப்ரவரி 22இல் வந்து நிற்கின்றன.

பதியும் நாட்கள்

கருப்பைக்குள் விட்ட கணத்திலேயே கரு ஒட்டிக்கொள்வதில்லை. எழுந்து நடந்தால் விழுந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. கருப்பையின் இரு சுவர்களும் ஒன்றோடொன்று படிந்தே இருக்கின்றன, இடையில் மெல்லிய திரவப் படலம்தான். கரு அதில் ஓரிரு நாள் மிதந்துகொண்டிருக்கும். முதலில் உறையை உடைத்து வெளியே வரவேண்டும். உள்ளே நீர் ஏறி விரிந்து சுருங்கி உறையைக் கிழிக்கிறது. கருப்பையின் சுரப்புகளும் உறையைக் கரைக்கத் துணைநிற்கின்றன.

பிறகு உட்கொத்து இருக்கும் பக்கம் சுவரை நோக்கித் திரும்பி நெருங்குகிறது, ஒட்டுகிறது, உள்ளே நுழைகிறது. புறத்தோல் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து, எல்லை தெரியாத ஒரே திரளாகி, சுவரின் திசுக்களுக்குள் ஊடுருவுகின்றன. கருவுற்ற பன்னிரண்டாம் நாள்வாக்கில் கரு முழுதும் சுவருக்குள் புதைந்துவிடும். புகுந்த வாயில் ஒரு சிறு அடைப்பால் மூடப்படும். ஊடுருவும் செல்கள் எச்சிஜி ஹார்மோனைச் சுரக்கின்றன. இயற்கை வழியில் அந்த எச்சிஜி, மஞ்சள் கட்டி வாடாமல் காத்துப் புரோஜெஸ்டிரோனைத் தொடரச்செய்கிறது. மருந்தால் தயார்செய்த சுழற்சியில் மஞ்சள் கட்டியே இல்லை. நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் வரை பல வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரோனை வெளியிலிருந்தே தரவேண்டும். பரிசோதனை முடிவு நல்லதாக வந்துவிட்டதென்று அதை நடுவில் நிறுத்துவது ஆபத்து.

காலம் தவறினால் என்ன நேரும் என்பதை இயற்கைக் கருத்தரிப்புகளில் அளந்திருக்கிறார்கள். ஆலன் வில்காக்ஸும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில் 221 பெண்களின் அன்றாடச் சிறுநீரில் எச்சிஜியைப் பார்த்தார்கள். ஆறு வாரம் தாண்டி நிலைத்த கருக்களில் 84 விழுக்காடு, அண்டவெளியேற்றத்தின் 8, 9 அல்லது 10ஆம் நாளில் பதிந்தவை. ஒன்பதாம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 விழுக்காடு ஆரம்பத்திலேயே கலைந்தன. பதினோராம் நாளில் பதிந்தவற்றில் அது 52 விழுக்காடு. அதன் பின் பதிந்தவற்றில் 82 விழுக்காடு. பிந்தி வந்த கருவே பலவீனமானதாக இருந்திருக்கலாம், சுவரின் காலம் கடந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எப்படியானாலும் பதிவதற்கான காலம் மூன்று நான்கு நாள்தான் என்பது தெளிவு.

வழி தவறும்போது

கரு பதியும் இடமே மாறிப்போவதும் உண்டு. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் கரு கருப்பைக்கு வெளியே பதிகிறது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருக்குழாயில். பழைய நோய்த்தொற்றால் நுண்மயிர்கள் தேய்ந்து வழி சுருங்கினாலோ, புகைபிடித்தலால் அவற்றின் அசைவு மந்தமானாலோ கரு நேரத்துக்குள் கருப்பையை அடைவதில்லை. உறையைக் கழற்றும் நாள் வந்ததும் இருக்கும் இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. கருவின் கடிகாரம் நிற்காமல் ஓடியதுதான் இங்கே கேடாகிறது. கருப்பைச் சுவர் தடித்து, ஊடுருவலுக்கு எல்லை வகுக்கும். குழாயின் மெல்லிய சுவருக்கு அந்தத் திறன் இல்லை, வெடித்துவிடும்.

ஐவிஎஃப் குழாயையே தவிர்க்கிறது, ஆகவே அங்கே இந்த ஆபத்து இருக்காது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. ஸ்டெப்டோவும் எட்வர்ட்ஸும் 1976இல் அறிவித்த முதல் ஐவிஎஃப் கர்ப்பமே கருக்குழாயில் பதிந்ததுதான். கருப்பையில் மிதக்கும் கரு, கருப்பைத் தசையின் அசைவால் குழாய்க்குள் தள்ளப்படலாம். ஏற்கெனவே பழுதுபட்ட குழாய் அதைத் திருப்பி அனுப்பாது. எனவே பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனையில் நல்ல எண் வந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அந்த எண் இரண்டு நாள் இடைவெளியில் மந்தமாக ஏறினாலோ, எண் போதிய அளவு உயர்ந்தும் ஸ்கேனில் கருப்பைக்குள் கருவின் பை காணப்படாவிட்டாலோ, குழாயைத் தேட வேண்டும். ஒரு பக்க அடிவயிற்று வலி, சிறு உதிரப்போக்கு, தோள்பட்டையில் வலி, மயக்கம் என்று எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

இரு வழிகளையும் வைத்துப் பார்த்தபின் நான் வந்து சேரும் முடிவு இது. ஆய்வகம் கருக்குழாயின் வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டது. கடிகாரங்களை ஒட்டவைக்கவும் பழகிவிட்டது. அதற்குப் பதிலியே இல்லாத இடம் கருப்பையின் சுவர்தான். பிளாஸ்டோசிஸ்டைத் தேர்ந்தெடுத்து, நாள் பார்த்து, இடம் பார்த்து விட்டாலும், குழலை வெளியே எடுத்தபின் கருவியல் வல்லுநராலும் எதையும் பார்க்க முடியாது. நாட்காட்டியில் ஜூன் 6க்குப் பிறகு அந்த இரண்டு பெண்களுக்கும் வேறுபாடு கிடையாது. இயற்கையாகக் கருவுற்றவளுக்கு உள்ளே நடப்பது தெரியாது. ஐவிஎஃபில் ஒவ்வொரு நாளின் படத்தையும் பார்த்து வந்தவளுக்கும் இனித் தெரியாது. இருவரும் எதிர்பார்த்திருப்பது, மூன்று நான்கு நாளில் ஒரு நுண்ணிய உருண்டை தன் உறையைக் கழற்றிச் சுவரைத் தொடுவதைத்தான்.